மூன்றாம் நிலைக்கு ஏன் பி1?

கேள்வி: எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘பாலாறும் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரும்’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். தகவல் திரட்டல், ஆதாரம், வரைபடம், விளக்கம் என ரூப்ரிக்கில் நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலை. 3 என்றால் ‘எதிர்பார்த்ததை முழுமையாகச் செய்திருக்கிறார்’. நான்கிலும் 3 வாங்கிய மாணவிக்கு 16-க்கு 12. அதையே வளரறி மதிப்பீட்டின் 10-க்கு மாற்றினால் 7.5, அதாவது பி1. “எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டு பி1 போட்டிருக்கீங்களே மிஸ்?” என்கிறார் அவள் அம்மா. என்ன சொல்வது?

— ஆசிரியை, ஆம்பூர்

பதில்: அம்மா கேட்டது நியாயம்தான். நிலை எண் வரிசையைத்தான் சொல்கிறது, அளவை அல்ல. 3 என்பது 4-இல் முக்கால் பங்கு என்று உங்கள் ரூப்ரிக்கில் எங்கும் இல்லை. வகுத்தல் கணக்குதான் அதைப் புகுத்தியது. உங்கள் ஊரில் மூன்றாவது செலக்‌ஷன் தோலுக்கு யாராவது எண்ணை வகுத்து விலை போடுகிறார்களா? எவ்வளவு பரப்பு வெட்டுக்கு உதவும் என்று பார்த்துத்தானே போடுகிறார்கள்.

ஆகவே தரப்பட்டியலிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 91–100 ஏ1, 81–90 ஏ2, 71–80 பி1, 61–70 பி2. கேட்டதை முழுமையாகச் செய்தவருக்கு ஏ2 உரியது என்று நீங்கள் கருதினால் 3-ஆம் நிலைக்கு 8.5 வையுங்கள். அதைத் தாண்டியவருக்கு 10, பாதி வழியில் இருப்பவருக்கு 6.5, தொடக்க நிலைக்கு 4. இந்த எண்கள் என் தீர்ப்பு; உங்கள் நிலை விவரிப்பு வேறானால் எண்ணும் மாறும். ஒப்படைக்காதவருக்கு எந்த நிலையும் வேண்டாம், மறுவாய்ப்புக் கொடுங்கள்.

இதோடு முடியவில்லை. ஒரு மாணவன் 3, 3, 2, 2. இன்னொருவன் 3, 3, 3 வாங்கி ஆதாரத்தில் மட்டும் 1. பழைய கணக்கில் இருவருக்கும் 16-க்கு 10. புதிய எண்களில் சராசரி போட்டாலும் 7.5, 7.4 என்று இருவரும் பி1-இலேயே நிற்பார்கள். ஆனால் இரண்டாமவன் பாலாறு கெட்டது என்று அழகாக எழுதியிருக்கிறான். இந்தக் கழிவுநீர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையோ கிணற்று நீர்ச் சோதனை முடிவையோ காட்டவில்லை. செயல்திட்டத்தின் உயிரே ஆதாரம் என்றால், அதில் 1 வாங்கியவர் பி2-ஐத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே மாணவர்களிடம் சொல்லி, ரூப்ரிக்கின் அடியிலும் எழுதிவிடுங்கள். திருத்தி முடித்த பிறகு சேர்த்தால் தகராறுதான் மிஞ்சும்.

மதிப்பெண் பதிவதற்கு முன், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தாளை எடுத்து, வந்த தரத்தை நிலை விவரிப்போடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ‘முழுமையாகச் செய்திருக்கிறார், பி1’ என்பது உங்கள் காதுக்கே இடித்தால், மாற்ற வேண்டியது அட்டவணையை. அந்த ஒரு தாளின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.