ஒன்று என்றால் ஐம்பது!
வெள்ளணுக்களை எண்ணுவது எப்படி?

காய்ச்சலோடு போன நண்பனின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘வெள்ளணுக்கள்: ஒரு கனமில்லிமீட்டருக்கு 8000’ என்று எழுதியிருக்கிறது. ஒரு கனமில்லிமீட்டர் என்பது குண்டூசித் தலையளவுகூட இல்லாத சிறு துளி. அதில் 8000 அணுக்களை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

இன்று பெரிய மருத்துவமனைகளில் மின்னணுக் கருவி எண்ணிவிடுகிறது. கருவி இல்லாத இடத்திலும், கருவி தரும் எண்ணில் ஐயம் எழும்போதும், மனிதக் கண்ணே எண்ணுகிறது. ஆனால் அது 8000 அணுக்களை எண்ணுவதில்லை. ஏறக்குறைய 160 அணுக்களை எண்ணி, 50ஆல் பெருக்குகிறது. இந்த 50 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் முறை முழுவதும் புரிந்துவிடும்.

முதல் வேலை: கூட்டத்தைக் கலைப்பது

ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. வெள்ளணுக்களோ சில ஆயிரம்தான். இரத்தத்தை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது போலாகிவிடும். எனவே முதலில் சிவப்பணுக்களைப் போக்க வேண்டும்.

அதற்கு உதவுவது டர்க் திரவம். காய்ச்சி வடித்த நீரில் 100க்கு சுமார் 2 பங்கு கிளேசியல் அசெட்டிக் அமிலமும், மிகச் சிறிதளவு ஜென்ஷியன் வயலட் சாயமும் சேர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். அமிலம் சிவப்பணுக்களின் உறையைச் சிதைத்துக் கரைத்துவிடுகிறது. வெள்ளணுக்களின் உட்கருக்கள் மட்டும் தப்பி நிற்கின்றன. சாயம் அவற்றுக்கு ஊதா நிறம் ஏற்றிக் கண்ணுக்குக் காட்டுகிறது.

சிறு குழாயில் 0.38 மில்லிலிட்டர் டர்க் திரவம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் 0.02 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பிப்பெட்டால் விடுகிறார்கள். மொத்தம் 0.40 மில்லிலிட்டர். அதாவது இரத்தம் 20 மடங்கு நீர்த்துவிட்டது. பிப்பெட்டின் வெளிப்புறத்தில் ஒட்டிய இரத்தத்தை முன்னதாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அந்தக் கூடுதல் இரத்தமும் திரவத்தில் கலந்து கணக்கை உயர்த்திவிடும். வாயால் உறிஞ்சி இரத்தம் எடுக்கும் பழைய வழக்கம், நோய் தொற்றும் என்பதால் கைவிடப்பட்டது.

கண்ணாடியில் ஒரு கட்டம்

அடுத்துத் தேவைப்படுவது நியூபார் எண்ணும் அறை. தடித்த கண்ணாடித் தகட்டின் நடுவில் 3 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கட்டம் மெல்லிய கோடுகளால் பொறிக்கப்பட்டிருக்கும். இதில் 9 பெரிய சதுரங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 1 சதுர மில்லிமீட்டர். நான்கு மூலைச் சதுரங்களில்தான் வெள்ளணுக்களை எண்ணுகிறோம். எண்ண வசதியாக அவை ஒவ்வொன்றும் 16 சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

தகட்டின் மேல் மூடுகண்ணாடியை வைத்தால், அதற்கும் கட்டத்துக்கும் இடையே சரியாக 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கட்டம் வெறும் பரப்பாக இல்லாமல் ‘அறை’ ஆவது இந்த ஆழத்தினால்தான்.

குழாயை நன்கு கலக்கி, சில நிமிடங்கள் விட்டு, மறுபடியும் கலக்கி, ஒரு துளியை மூடுகண்ணாடியின் விளிம்பில் தொட்டால் போதும். திரவம் தானாகவே உள்ளே ஓடிப் பரவும். அது பக்கத்துப் பள்ளத்தில் வழிந்தாலோ, உள்ளே காற்றுக் குமிழி நின்றாலோ கழுவிவிட்டுத் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்பியபின் இரண்டு மூன்று நிமிடங்கள் அசையாமல் வைத்தால் அணுக்கள் அடியில் படியும். அதற்கு மேல் தாமதித்தால் திரவம் உலரத் தொடங்கும்.

எண்ணுவோம், வாருங்கள்!

நுண்ணோக்கியில் ஒளியைக் குறைத்து, 10 மடங்கு பெருக்கும் பொருளருகு லென்சால் பார்க்கிறோம். ஊதா நிறப் புள்ளிகள் தெரிகின்றன. சில கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எந்தச் சதுரத்தில் சேர்ப்பது? இடப்பக்கக் கோட்டையும் மேல் கோட்டையும் தொடுபவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கக் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொடுபவற்றை விட்டுவிடுங்கள். எந்த அணுவும் இருமுறை எண்ணப்படாது.

நண்பனின் இரத்தத்தில் நான்கு சதுரங்களிலும் முறையே 36, 41, 38, 45 அணுக்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 160.

இவை எவ்வளவு திரவத்தில் இருந்தன? நான்கு சதுரங்களின் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1. ஆகவே கன அளவு 0.4 கனமில்லிமீட்டர். இரத்தம் 20 மடங்கு நீர்க்கப்பட்டது என்பதையும் சேர்த்தால்:

160 × 20 ÷ 0.4 = 8000

20ஐ 0.4ஆல் வகுத்தால் 50. அதுதான் அந்த 50! பெரியவர்களுக்கு 4000 முதல் 11000 வரை இயல்பு என்று கொள்வதால், நண்பனின் எண்ணிக்கை இயல்பானதே.

அதே 8000, ஆனால் தவறு!

இன்னொருவர் அதே துளியை எண்ணி 22, 58, 31, 49 என்று எழுதுகிறார். இதற்கும் மொத்தம் 160, விடையும் 8000. ஆனால் இந்த விடையை ஏற்கக் கூடாது. ஒரே திரவத்தின் நான்கு சதுரங்களில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால், திரவம் சரியாகக் கலக்கப்படவில்லை அல்லது அறை சீராக நிரம்பவில்லை என்று பொருள். விடை பொருந்தியது தற்செயல். சதுரத்துக்குச் சதுரம் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேறுபட்டால் கழுவிவிட்டுத் திரும்ப எண்ணுவதே வழக்கம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சிறு ஐயம் மிஞ்சும். அணுக்கள் தற்போக்காகவே விழுகின்றன. 160இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 12.6. அதன் இருமடங்கு 25. எனவே அதே இரத்தத்தை மீண்டும் மீண்டும் எண்ணினால், பெரும்பாலும் 135க்கும் 185க்கும் இடையே மொத்தம் மாறி மாறி வரலாம். 50ஆல் பெருக்கினால் 6750 முதல் 9250 வரை! நேற்று 8000, இன்று 8600 என்றால் நோய் கூடிவிட்டது என்று பதறக் கூடாது என்பது இதனால்தான்.

அணுக்கள் குறைவாக இருந்தால் ஐயம் இன்னும் பெரிதாகும். நான்கு சதுரங்களில் 40தான் கிடைத்தது என்றால் அங்கே நிற்காமல் ஒன்பது சதுரங்களையும் எண்ணுவது நல்லது. 90 அணுக்கள் கிடைத்தால் 90 × 20 ÷ 0.9 = 2000. இங்கே 50ஆல் பெருக்கக் கூடாது. கன அளவு மாறியதைக் கவனித்தீர்களா?

ஏமாற்றும் உட்கருக்கள்

பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்திலும், தலசீமியா போன்ற நோய்களிலும் உட்கரு உள்ள இளம் சிவப்பணுக்கள் காணப்படலாம். அமிலம் அவற்றின் உட்கருவைக் கரைப்பதில்லை. எனவே அவையும் வெள்ளணுக்களாக எண்ணப்பட்டுவிடும். இதை அறையில் கண்டுபிடிப்பது கடினம். சாயமேற்றிய இரத்தப் பூச்சில்தான் தெரியும். அங்கே 100 வெள்ளணுக்களுக்கு 20 இத்தகைய அணுக்கள் இருந்தால், நாம் எண்ணிய ஒவ்வொரு 120இலும் 100தான் உண்மையான வெள்ளணுக்கள். 12000 என்று வந்த விடையை 10000 என்று திருத்த வேண்டும்.

இரத்தத்தின் வழியே நோய் பரவும். ஆதலால் விரலில் ஊசி குத்தி நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். கணக்கை மட்டும் செய்து பாருங்கள்.

நான்கு சதுரங்களில் 52, 47, 55, 46 அணுக்கள். இரத்தப் பூச்சில் 100 வெள்ளணுக்களுக்கு 25 உட்கருவுள்ள சிவப்பணுக்கள். உண்மையான வெள்ளணு எண்ணிக்கை என்ன?

(விடை: 200 × 50 = 10000; திருத்தியபின் 10000 × 100 ÷ 125 = 8000.)