செயலியை நீக்கிய பின்னும் தொடரும் சந்தா

கேள்வி: வக்கீல் ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசியில் இருக்கிறேன். மே மாதக் கடைசியில் பேத்தி வந்திருந்தபோது, ஆங்கிலம் சொல்லித் தரும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தேன். முதல் ஏழு நாள் இலவசம் என்று காட்டியது. ஆனாலும் யுபிஐ பின் கேட்டது, போட்டேன். ஐந்தாம் நாளே பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். நானும் அந்த ஆப்பை நீக்கிவிட்டேன். அப்படியிருந்தும் ஜூனிலிருந்து மாதாமாதம் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து 349 ரூபாய் போகிறது. செப்டம்பரோடு நான்கு தடவை, மொத்தம் 1,396 ரூபாய். பிறகு ஒரு தடவைகூட நான் பின் போடவில்லை. ஆப் கம்பெனிக்கு எழுதினால், ‘பணம் வாங்கியது பிளே ஸ்டோர், அங்கே கேளுங்கள்’ என்கிறார்கள். பிளே ஸ்டோரில் பார்த்தால் சந்தா எதுவுமே இல்லை என்று வருகிறது. வங்கியிலோ, ‘நீங்கள் கொடுத்த அனுமதிதானே அம்மா’ என்கிறார்கள். போன் என் மகன் உபயோகித்த பழைய போன். அவன் பெங்களூரில் வேலையாக இருக்கிறான். நான் யாரிடம் போவது?

பதில்: அம்மா, மூன்று இடத்திலும் உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில்களில் ஒன்றுகூட முழுப் பொய் அல்ல, ஆயினும் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் சிரமத்தை யாரும் மேற்கொள்ளாதபடியால், நீங்கள் நான்கு மாதமாக அலைக்கழிக்கப்பட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. முதலில் பணப்போக்கை நிறுத்தும் வழியைச் சொல்லிவிட்டு, போன பணத்தைப் பற்றிய நியாயத்தைப் பிறகு சொல்கிறேன்.

போனில் ஒரு செயலிக்குச் சந்தா கட்டுவதில் இரண்டு விதம் உண்டு. செயலியை நடத்தும் ஸ்தாபனமே நேராக உங்கள் கார்டிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ பணம் எடுப்பது ஒரு விதம். கூகுளின் பிளே ஸ்டோர் அல்லது ஆப்பிளின் ஆப் ஸ்டோர் நடுவில் நின்று, தன் பெயரில் பணத்தை வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் செயலிக்காரருக்கு அனுப்புவது மற்றொரு விதம். உங்களுடையது எந்த விதம் என்பதை வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைக் கொண்டே அறியலாம். பணம் பெற்றவர் பெயராக அதில் கூகுள் என்றோ ஆப்பிள் என்றோ இருந்தால் சந்தாவின் ஏடு கடையில் இருக்கிறது. செயலிக்காரரின் பெயரே இருந்தால் செயலியில் இருக்கிறது. ஏடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெயரை அடிக்க முடியும். போனிலிருந்து செயலியை நீக்குவது அந்த ஏட்டைத் தொடுவதே இல்லை. செயலிக்குள் இருக்கும் உங்கள் பதிவை அழித்தாலும் அப்படியேதான்.

அப்படியானால் பிளே ஸ்டோரில் சந்தா இல்லை என்று ஏன் வந்தது என்று கேட்பீர்கள். இதற்கு விடை, ‘மகன் உபயோகித்த பழைய போன்’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வார்த்தையில் இருப்பதாக நான் கருதுகிறேன். சந்தா போனுக்குச் சொந்தமானதல்ல. அதை வாங்கிய கூகுள் கணக்கிற்குச் சொந்தமானது. பழைய போன்களில் மகனுடைய ஜிமெயில் கணக்கும் தாயாருடைய ஜிமெயில் கணக்கும் சேர்ந்தே இருப்பது வழக்கம். நீங்கள் அந்த ஆப்பைப் போட்ட அன்று பிளே ஸ்டோர் மகனுடைய கணக்கில் திறந்திருந்தால், சந்தா அவர் பெயரில் பதிவாகியிருக்கும். பணம் மட்டும் நீங்கள் கொடுத்த யுபிஐயிலிருந்து போய்க்கொண்டிருக்கும். இன்று உங்கள் கணக்கில் நின்று தேடினால் அது எப்படி அகப்படும்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் வட்டமாக இருக்கும் படத்தைத் தொட்டால், அந்தப் போனில் உள்ள கணக்குகள் தெரியும். மகனுடைய கணக்கைத் தேர்ந்து, மீண்டும் அதே வட்டத்தைத் தொட்டு, ‘Payments & subscriptions’ என்பதற்குள் சென்று, ‘Subscriptions’ என்பதைத் திறந்தால், ஆங்கில ஆப்பின் பெயரும் அடுத்த வசூல் தேதியும் இருக்கக் காண்பீர்கள். அந்தப் பெயரைத் தொட்டு ‘Cancel subscription’ என்பதை அழுத்தி, இறுதிவரை, ரத்தாகிவிட்டது என்று வரும் வரைக்கும் போக வேண்டும். இடையில் காரணம் கேட்கும் பக்கத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் பலர், அவர்களுடைய சந்தா ரத்தாவதில்லை. மகனுடைய கணக்கு உங்கள் போனில் இல்லாமற்போனாலும் குற்றமில்லை. அவர் பெங்களூரில் இருந்தபடியே தம் கணினியில் play.google.com சென்று இதையே செய்யலாம். ரத்து செய்ததை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அவருடைய ஜிமெயிலுக்குத்தான் வரும். மாதாமாதம் வந்த ரசீதுகளும் அங்கேதான் கிடக்கும். ஒவ்வொன்றிலும் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அந்த நான்கு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவைதான் நமக்குச் சாட்சி.

ஐபோன் வைத்திருக்கும் வாசகர்களுக்கு வழி சற்று வேறு: ‘Settings’ திறந்து, மேலே தங்கள் பெயரைத் தொட்டு, ‘Subscriptions’ செல்ல வேண்டும். இலவச நாட்கள் முடிவதற்கு 24 மணி நேரத்திற்கு முன்பாவது அங்கே ரத்து செய்துவிட வேண்டும் என்பது ஆப்பிளின் நிபந்தனை. பணம் திரும்பக் கேட்கும் இடம் reportaproblem.apple.com.

இனி, பின் போடாமலே பணம் போன விஷயம். இலவசம் என்று சொல்லி அன்று கேட்டார்களே, அந்த ஒரு பின்தான் இனி வரப்போகும் எல்லா வசூலுக்கும் நீங்கள் கொடுத்த சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. இதற்கு வங்கி வழக்கில் மேண்டேட் என்றும், யுபிஐயில் ஆட்டோபே என்றும் பெயர். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 15,000 ரூபாய் வரையுள்ள சாதாரணத் தொடர் வசூல்களுக்கு ஒவ்வொரு தடவையும் பின் தேவையில்லை. ஆனால் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று உங்களுக்கு முன்னறிவிப்பு வந்தாக வேண்டும். ஒவ்வொரு மாதமும் 3, 4 தேதிகளில் வந்த செய்திகளைத் தேடிப் பாருங்கள். வந்திருந்தால் வங்கியின் மேல் குறை சொல்வதற்கில்லை. வரவேயில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் திருப்தியான பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் இணையத்தின் வழியாகவே, கட்டணமின்றி முறையிடலாம்.

உங்கள் யுபிஐ ஆப்பிலுள்ள ஆட்டோபே பகுதியில் இந்த மேண்டேட்டை நீங்களே ரத்து செய்துவிடவும் முடியும். ஆயினும் அதை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடலாகாது. அது பணம் போகும் வழியை அடைக்கிறதேயொழிய, சந்தா என்னும் ஒப்பந்தத்தை முடிப்பதில்லை; கடை சில காலம் மறுபடி மறுபடி வசூலுக்கு முயலும், மகனுடைய கணக்கில் அவருடைய கார்டு ஏதேனும் சேர்க்கப்பட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கவும் இடமுண்டு. முதலில் கடையில் ரத்து, அதன் பின் மேண்டேட் ரத்து என்ற கிரமத்தில் செய்யுங்கள்.

போன 1,396 ரூபாயைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியது என் கடமை. ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்பவர் அதை மற்றவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டத்தின் பொது நியதி. போனிலிருந்து செயலியை அகற்றியது உங்கள் மனத்தில் முடிவாக இருந்தாலும், மறுதரப்புக்கு அது அறிவிப்பு ஆகாது. ஆகையால் ‘நான் நீக்கிவிட்டேன்’ என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடினால் ஜெயிப்பது கடினம்.

ஆனால் வேறொரு வலுவான கேள்வி இருக்கிறது. இலவசத்திற்குப் பின் 349 ரூபாய் என்பதும், எந்தத் தேதி முதல் என்பதும், எங்கே சென்று ரத்து செய்வது என்பதும் நீங்கள் பின் போட்ட அந்தத் திரையில் தெளிவாகக் காட்டப்பட்டனவா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகள், இணையத்தில் நுகர்வோரை மயக்கும் 13 முறைகளைத் தடை செய்கின்றன. அவற்றுள் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பதும், குழப்பமாகச் சொல்வதும், இலவசச் சந்தாவுக்கே தானியங்கி வசூல் அனுமதியை வற்புறுத்தி வாங்குவதும் அதில் அடங்கும். ரத்து செய்யும் இடம் செயலிக்குள் இல்லாமல் கடையில் இருக்கிறது என்ற ஒன்றே பொறியாகிவிடாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த இடத்திற்கு வழிகாட்டாமல் விடுவது வேறு விஷயம். செயலிக்குள்ளேயே சுலபமாக ரத்துக்கு வழி காட்ட வேண்டும் என்று பிளே ஸ்டோரே செயலிக்காரர்களுக்கு நிபந்தனை விதித்திருக்கிறது. எனவே வேறொரு போனில் அந்த ஆப்பை இறக்கி, பின் கேட்கும் திரை வரை மட்டும் சென்று, பின் போடாமல், அந்தத் திரையையும் ஆப்பின் அமைப்புப் பக்கங்களையும் படம் பிடித்து வைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். உங்கள் பக்கம் நியாயம் எவ்வளவு என்பது அந்தப் படங்களில் தெரிந்துவிடும்.

‘பிளே ஸ்டோரில் கேளுங்கள்’ என்று கம்பெனி கைகழுவியது சரியல்ல. வாங்கிய 48 மணி நேரத்திற்குள் என்றால் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகு செயலிக்காரரை அணுகும்படி கூகுளே சொல்கிறது. பிளே ஸ்டோர் வழியாக வந்த ஆர்டரைச் செயலிக்காரர் தாமே ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவதற்கு வசதியும் உண்டு. (ஆப்பிளில் அவ்வசதி செயலிக்காரருக்கு இல்லை; அங்கே தீர்மானம் ஆப்பிளுடையது.) ஆகவே கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலர் பெயருக்கு, நான்கு GPA எண்களையும், ஆப்பை நீக்கிய தேதியையும், அதன் பின் பேத்தி ஒரு நாளும் அதைத் திறக்கவில்லை என்பதையும் எழுதி, படங்களை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். உபயோகமே இல்லை என்பதை அவர்கள் தங்கள் பதிவேட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும்; பல ஸ்தாபனங்கள் இந்த ஒரு காரணத்திற்காகவே பணத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன. மின்வணிக விதிகள் 2020ன்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைசியாக உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. சந்தா மகன் பெயரில் இருந்தால் புகாரில் இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. வாங்கியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது. ஆயினும் ‘நீங்கள் யார்’ என்ற ஆட்சேபத்திற்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அடுத்த வசூல் அக்டோபர் 5. இன்றே ரத்து செய்தாலும் அந்தத் தேதி வரை சந்தா நடப்பில் இருப்பதாகவே பிளே ஸ்டோர் காட்டும். அதைக் கண்டு ரத்தாகவில்லையோ என்று கலங்க வேண்டாம், அடுத்த வசூல் என்றிருந்த இடத்தில் முடிவுத் தேதி வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தும் 5ஆம் தேதி பணம் போனால், மகனுக்கு வந்த ரத்து மின்னஞ்சலின் நகலோடு 48 மணி நேரத்திற்குள் கூகுளிடம் கேளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.