மிச்சப் பணத்தை என்ன செய்வது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்தி வருகிறேன். மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்த, ஒரு தனியார் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து இந்த நிதியாண்டில் 18 லட்சம் ரூபாய் தந்தது. சில ஊர்களில் பள்ளிகளே மாலை வகுப்பை ஆரம்பித்துவிட்டதால் மையங்களை மூடிவிட்டு, ஜனவரியோடு திட்டத்தையும் முடித்துக்கொண்டோம். கணக்கில் 3,81,400 ரூபாய் இருக்கிறது. அதில் 22,400 ரூபாய் வங்கி வட்டி. எங்கள் முதியோர் இல்லத்துக்கு இதைச் செலவழிக்கலாமா? திருப்பித் தருவதென்றால் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

- வாசகர், ராமநாதபுரம்

பதில்: முதியோர் இல்லத்துக்குச் செலவழிக்காதீர்கள். நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் படிப்பு மையத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு வாங்கிய பணம் அது. நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்குத் திருப்பினால் ஒப்பந்த மீறல் ஆகும். நேர்மையற்ற நோக்கம் இருந்ததாகக் காட்டப்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின்படி நம்பிக்கை மோசடிப் புகாராகவும் மாறலாம்.

வட்டி நமக்குத்தானே என்று பல அறக்கட்டளைகள் நினைக்கின்றன. அதுவும் உங்களுடையது அல்ல. சிஎஸ்ஆர் பணத்துக்குக் கிடைக்கும் வட்டியும் அந்தத் திட்டத்தின் உபரியே என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-ல் விளக்கம் தந்திருக்கிறது. உபரியை அதே திட்டத்தில் போட வேண்டும். திட்டமே முடிந்துவிட்டதால் அசலோடு சேர்த்து அனுப்புங்கள்.

அடுத்தது தேதி. உங்களுக்குப் பணம் தந்ததோடு நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. நீங்கள் உண்மையில் செலவழித்த தொகைதான் அவர்கள் கணக்கில் செலவாக ஏறும். அது சரியாகச் செலவானது என்று அவர்களுடைய தலைமை நிதி அதிகாரி சான்றளிக்கவும் வேண்டும். மார்ச் 31-க்கு முன் உங்கள் கடிதமும் பணமும் போய்ச் சேர்ந்தால், இந்த ஆண்டுக்குள்ளேயே வேறு திட்டத்தில் அவர்கள் அதைச் செலவழிக்க வழியுண்டு. தாண்டிவிட்டால், பல ஆண்டுத் திட்டமாக இல்லாத பட்சத்தில், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற, சட்டம் குறிப்பிடும் நிதி ஒன்றில் அதைச் செலுத்த வேண்டியிருக்கும். தவறினால் அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது நிறுவனத்துக்கு அபராதம். நீங்கள் தாமதித்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்.

அனுப்புவதற்கு முன், கொடுக்க வேண்டிய பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். உதாரணமாக, ஆசிரியர்களுக்கு ஜனவரி மதிப்பூதியம் 24,000 ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொடுத்த பிறகு 3,57,400 ரூபாய் மிஞ்சும்: அசல் 3,35,000, வட்டி 22,400. திட்டச் செலவு 14,65,000 ஆகிறது. அதோடு திருப்பும் அசலைக் கூட்டினால் 18 லட்சம் சரியாக வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு ரசீது விடுபட்டிருக்கிறது.

பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யாரோ போனில் சொன்ன எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, லெட்டர்ஹெட்டில் இப்படி எழுதலாம்:

“(தேதி) ஒப்பந்தப்படி பெற்ற ரூ.18,00,000-ல் ரூ.14,65,000 செலவாகியுள்ளது. திட்டம் ஜனவரி 31-ல் முடிவுற்றது. செலவாகாத ரூ.3,35,000, வட்டி ரூ.22,400, ஆக ரூ.3,57,400 (தேதி) அன்று தங்கள் கணக்குக்கு அனுப்பப்பட்டது; வங்கிப் பரிமாற்ற எண் (...). இத்திட்டத்தில் செலுத்த வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. தொகை பெற்றதையும், ஒப்பந்தம் முடிவுற்றதையும், இருதரப்பிலும் கோரிக்கை ஏதும் இல்லை என்பதையும் எழுத்தில் உறுதி செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.”

ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ், தீர்மான நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, வாங்கிய பொருட்களின் பட்டியல் ஆகியவற்றை இணையுங்கள். மடிக்கணினி, மேசை போன்றவை யாருக்கு என்பதை ஒப்பந்தம் சொல்லும். சொல்லாவிட்டால் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். 18 லட்சத்துக்கும் 80ஜி சான்றிதழ் கொடுத்திருந்தால், அதைத் திருத்துவது பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள்.

இவை உள்நாட்டு சிஎஸ்ஆர் பணத்துக்கு மட்டுமே. வெளிநாட்டு நன்கொடைக்குச் சட்டம் வேறு.

கடைசியாக ஒன்று. பணம் அனுப்பியதோடு திட்டம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நிறுவனத்தின் பதில் கடிதம் கைக்கு வந்து, கோப்பில் சேரும் அன்றுதான் அது முடிகிறது.