மொழிபெயர்ப்புப் பயிற்சி: நகரும் படிக்கட்டின் ஆய்வுக் குறிப்பு

மெட்ரோ நிலையத்தில் மேலேறும் நகரும் படிக்கட்டு ஒன்றைப் பற்றிய ஆங்கில ஆய்வுக் குறிப்பைத் தமிழாக்குவோம். சொல்லைத் தேடுமுன் அப்பொருள் செய்யும் வேலையை அறிக.

'ஸ்டெப்' இங்கு நடவடிக்கை அன்று; படி. அதன் மேற்பரப்பில் நீளவாக்கில் பள்ளங்கள் உள்ளன. படி தரைக்கடியில் மறையும் இடத்தில் 'காம்ப் பிளேட்டின்' பற்கள் அப்பள்ளங்களுள் பொருந்தி நிற்கும். ஆதலின் அது சீப்புத் தகடு. பல் உடைந்தால் அவ்விடைவெளியில் காலணியின் நுனி சிக்கக்கூடும். 'ஹேண்ட்ரெயில்' தண்டவாளம் அன்று. படிகளோடு உடன் நகரும் கைப்பிடிப் பட்டை.

மொழிபெயர்ப்பு:
"மேல்முனைச் சீப்புத் தகட்டில் இரண்டு பற்கள் உடைந்துள்ளன. கைப்பிடிப் பட்டை படிகளைவிடப் பின்தங்குகிறது. பழுது நீக்கும்வரை இயக்கக் கூடாது."

'பட்டை மெதுவாக நகர்கிறது' என்று எழுதினால் போதாது. இரண்டும் ஒரே வேகத்தில் மெதுவாக நகர்ந்தால் இடரில்லை. பட்டை மட்டும் பின்தங்கினால், கை பின்னே நிற்க உடல் முன்னே செல்லும். ஏறுபவர் பின்புறம் சாய்வார். எனவே 'படிகளைவிட' என்னும் சொல்லை விடலாகாது.

பயிற்சி: "சீப்புத் தகட்டின் மூன்றாம் பல் வளைந்து படியை உரசுகிறது" என்பதை ஆங்கிலத்தில் எழுதுக.