741 ஆப்-ஆம்ப்: சைன் அலை சிதையாமல் எதுவரை போகலாம்?

741 ஆப்-ஆம்பில் 10 மடங்கு பெருக்கி ஒன்றைக் கட்டி, ±15 வோல்ட் கொடுத்திருக்கிறீர்கள். 1 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை உள்ளே போனால் 10 வோல்ட் உச்சம் வெளியே வர வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் சரியாக வருகிறது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஆசிலோஸ்கோப்பில் முக்கோண அலை தெரிகிறது. இந்தப் பெருக்கிக்கு 100 கிலோஹெர்ட்ஸ் வரை பேண்ட்விட்த் இருந்தும் இப்படி ஆகக் காரணம், ஸ்லூ ரேட்.

741-க்குள் 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. உள்ளீட்டுப் பகுதியால் அதற்குச் சுமார் 15 மைக்ரோஆம்பியர்தான் தர முடியும். வகுத்துப் பார்த்தால் மைக்ரோநொடிக்கு 0.5 வோல்ட். வெளியீட்டால் அதைவிட வேகமாக ஏறவோ இறங்கவோ முடியாது.

முதலில் உங்கள் வெளியீட்டின் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான். கணக்கில் வருவது சுழியிலிருந்து உச்சம் வரையிலான 10 வோல்ட். மேல் உச்சத்துக்கும் கீழ் உச்சத்துக்கும் இடையிலான 20 வோல்ட்டைப் போட்டால் விடை பாதியாகிவிடும். மல்டிமீட்டர் காட்டும் 7.07 வோல்ட்டைப் போட்டால் கூடிவிடும். உள்ளீட்டு வோல்ட்டேஜுக்கு இங்கே வேலையே இல்லை.

சைன் அலை சுழியைக் கடக்கும்போதுதான் மிகச் செங்குத்தாக ஏறும். அந்தச் சரிவு, உச்சத்தை 2πf-ஆல் பெருக்கினால் கிடைப்பது. அது ஸ்லூ ரேட்டைத் தாண்டக் கூடாது என்பதிலிருந்து எல்லை கிடைக்கிறது:

```
f = SR / (2π × Vp)
```

அடுத்து, மைக்ரோநொடியை நொடியாக்குங்கள். 0.5 என்பது நொடிக்கு 5,00,000 வோல்ட். அதை 62.8-ஆல் வகுத்தால் சுமார் 8 கிலோஹெர்ட்ஸ். இது விளிம்பு, சிதைவு அதற்குக் கொஞ்சம் முன்பே தலைகாட்டும். சுத்தமான அலை வேண்டுமென்றால் 4 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்வேன்.

பிறகு சோதித்துப் பாருங்கள். 20 கிலோஹெர்ட்ஸில் கால் சுற்றுக்கு 12.5 மைக்ரோநொடி. அதற்குள் வெளியீடு 6.25 வோல்ட்தான் ஏற முடியும், முக்கோணத்தின் உச்சமும் அங்கேயே நிற்கும். இப்போது உள்ளீட்டைக் கால்பங்காகக் குறையுங்கள். வெளியீடு 2.5 வோல்ட் உச்சத்தோடு மீண்டும் சைன் அலையானால், குற்றவாளி ஸ்லூ ரேட்தான். பேண்ட்விட்த் போதாவிட்டால் அலை சைனாகவே இருக்கும், உயரம் மட்டும் குறையும். உள்ளீட்டைக் குறைத்தாலும் பெருக்கம் அதே அளவில்தான் நிற்கும்.

இந்தச் சுற்றில் வெளியீடு 0.8 வோல்ட் உச்சத்துக்கும் கீழே இருந்தால் ஸ்லூ ரேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே 100 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்தான் முதலில் குறுக்கே வரும்.

10 வோல்ட் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸில் வந்தே ஆக வேண்டுமா? சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள்: மைக்ரோநொடிக்கு 1.26 வோல்ட் தேவை. இரு மடங்காவது கையிருப்பு வைத்து, 2.5-க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். டிஎல் 081-இன் வழக்கமான ஸ்லூ ரேட் 13. அது தாராளமாகப் போதும். டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச மதிப்பு கொடுத்திருந்தால் கணக்கை அதில் போடுங்கள், வழக்கமான மதிப்பில் அல்ல.