முகூர்த்தப் பட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் புடவைகள்

கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் முதலில் புரட்டித் தேடுவது தாலி கட்டும் படத்தைத்தான். அந்தப் படத்தில் மணப்பெண்ணுக்கு மிக அருகில் இருப்பது அவளுடைய தோழியோ தங்கையோ அல்ல. பல குடும்பங்களில் மீதி இரண்டு முடிச்சையும் போடுவது நாத்தனார். பெண்ணின் தோளுக்குப் பின்னால் தெரிவதும் அவர் புடவைதான். ஆகவே நிறம் பார்க்கும் வேலையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் முகூர்த்தப் பட்டு முடிவாகட்டும். அதற்கு முன் யாருக்கும் எதுவும் எடுக்காதீர்கள். பட்டு வந்ததும் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, தையல்காரரிடம் மீதி வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள். உடல் நிறத்தில் ஒரு துண்டு, கரையில் ஒரு துண்டு இருந்தால் போதும். மற்ற புடவைகள் எடுக்கப் போகும்போது இந்தத் துண்டுதான் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தை நம்பிப் போனால், அரக்கு என்று நினைத்தது ஒரு போனில் மெரூனாகவும் இன்னொன்றில் குங்குமச் சிவப்பாகவும் தெரியும்.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். மணப்பெண்ணுக்கு அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, பாட்டில் பச்சைக் கரை, அகலமான தங்கச் சரிகை. இங்கே அரக்கும் அதன் உறவு நிறங்களான சிவப்பு, மெரூன், குங்குமம் ஆகியவையும் மேடையில் வேறு யாருக்கும் வேண்டாம். கூடப்பிறந்த அக்காவுக்குக் கரையிலுள்ள பாட்டில் பச்சையையே உடல் நிறமாக எடுக்கலாம். ஒரே துணியிலிருந்து பிரிந்த மாதிரி இருவரும் பொருந்துவார்கள். ஆனால் அக்காவின் புடவையில் சரிகைக் கரை மூன்று விரல் அகலத்தைத் தாண்டக் கூடாது. மணப்பெண்ணை மறைப்பது பெரும்பாலும் நிறத்தைவிட சரிகைதான். டிஷ்யூ பட்டும் சமிக்கி வேலையும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பக்கத்திலிருக்கும் ஆழ்ந்த அரக்கு மங்கிப்போகும்.

சித்தி மகள், அத்தை மகள், தோழிகள் என நாலைந்து பேர் இருந்தால் வெங்காயத்தோல் நிறத்தில் மென்பட்டு எடுக்கலாம். அரக்கோடு ஒட்டிய நிறம், ஆனால் அதோடு போட்டி போடாது. எல்லோருக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே சாயத் தொகுதியில் எடுப்பது நல்லது. பிறகு இரண்டு மட்டும் வாங்கப் போனால் நிறம் சற்று மாறியிருக்கும், வரிசையில் நிற்கும்போது அது பளிச்சென்று தெரியும். தாவணி போடும் வயதுப் பெண்களுக்குப் பச்சைப் பாவாடை, சந்தன நிறத் தாவணி. சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கட்டுப்பாடே தேவையில்லை.

எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, பளீர் ரோஸ், வெள்ளை ஆகிய நான்கையும் மேடையிலிருந்து தள்ளியே வையுங்கள். கூட்டத்தில் கண் முதலில் போவது இவற்றின் மேல்தான்.

மணப்பெண் மாம்பழ மஞ்சளோ சந்தனமோ உடுத்தினால் கணக்கு தலைகீழாகும். அப்போது சுற்றியிருப்பவர்கள் கருநீலம், கத்தரிப்பூ, பாட்டில் பச்சை என்று ஆழ்ந்த நிறத்துக்குப் போக வேண்டும். சுற்றிலும் ஆழ்ந்த நிறம் இருந்தால்தான் நடுவிலுள்ள வெளிர் நிறம் துலங்கும்.

தேர்ந்தெடுத்ததைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. புடவைகளை மடித்து வரிசையாக வைத்து, நடுவில் முகூர்த்தப் பட்டை வையுங்கள். இரவில் வீட்டு விளக்கு வெளிச்சத்தில், பத்தடி தள்ளி நின்று படம் எடுங்கள். பிறகு அந்தப் படத்தைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஓரத்திலுள்ள ஏதாவது ஒரு புடவை மட்டும் வெளுப்பாகத் தனித்து நின்றால் அதை மாற்றிவிடுங்கள். மண்டபத்து விளக்கில் மாறித் தெரியக்கூடியது மயில்கழுத்து நிறம். பாவும் ஊடையும் வேறு வேறு நிறமென்பதால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் காட்டும். எல்லோரும் ஒன்றுபோல் உடுத்தும் வரிசைக்கு அது உதவாது.

இனி நாத்தனார். அவர் மாப்பிள்ளை வீட்டுப் பெண், மரியாதை பெறவேண்டியவர். "இந்த நிறம் உடுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினால் மனஸ்தாபம்தான் வரும். மணப்பெண்ணே பேசட்டும்: "அண்ணி, முடிச்சுப் போடும்போது நீங்க என் பின்னாடி நிப்பீங்க. நான் அரக்கு. நீங்க கருநீலமோ பச்சையோ எடுத்தா படத்துல ரெண்டு பேரும் நல்லா தெரிவோம்." இப்படிக் கேட்டால் எந்த அண்ணியும் மறுக்க மாட்டார். பெரியம்மா, அத்தை, பாட்டிமாருக்கு நிறம் சொல்லவே வேண்டாம். அவரவர் பெட்டியிலிருக்கும் பழம்பட்டே அழகு.

சீசன் நேரத்தில் தையல்காரர் ரவிக்கைக்குப் பல நாள் கேட்பார். ஆகவே மற்றவர்களுக்குப் புடவை எடுப்பதை முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். அண்ணியிடம் பேசுவதை அதற்கும் முன்பே.