படமாக வந்த படிவம் 16: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வருமான வரி பிடிப்பதில்லை. சம்பளச் சீட்டில் கழிக்கப்படும் மத்திய சேம நிதித் தொகை வரி அல்ல. ஆண்டு முடிந்ததும் பெரும்பாலான முதலாளிகள் ஐஆர்8ஏ விவரங்களை மார்ச் 1ஆம் தேதிக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நேரடியாக அனுப்பிவிடுகிறார்கள். வரியை நாம் பிறகு கட்டுகிறோம்.

இந்தியாவில் கதை வேறு. அங்கே முதலாளி மாதந்தோறும் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு, ஆண்டு முடிந்தபின் ஜூன் 15க்குள் படிவம் 16 என்ற சான்றிதழைக் கொடுக்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ வேலையை விட்டுவிட்டு நடு ஆண்டில் இங்கே வந்தவருக்கு, அந்தத் தாள் பெரும்பாலும் ஊர் முகவரிக்குப் போய்ச் சேர்கிறது. வீட்டில் ஒருவர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அந்தக் குறிப்பில் எங்கே தவறு நுழைகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சென்னையில் மாதம் 2,00,000 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவர் 2024 ஆகஸ்ட் 31 அன்று வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் வந்தார். கணக்குத் தீர்க்கும்போது, எடுக்காத விடுப்புக்காக 87,500 ரூபாயும் கிடைத்தது. கணக்கு புதிய வரி முறையில்.

நம்பிக்கை: படத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் எண் சரியாகத்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. அதன் நீளப் பக்கம் 1600 புள்ளிகள் அளவுக்குக் குறைந்துவிட்டால், ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம் என்பதால், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 137 புள்ளிகளே கிடைக்கும். அச்சிட்ட எழுத்தைப் படிக்கும் மென்பொருள்களுக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். படிவத்தின் சிறிய எண்கள் இந்த நிலையில் பத்துப் புள்ளி உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த உயரத்தில் 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும் இடையே இருப்பது ஓரிரு புள்ளிதான். கண் தன் அனுபவத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. எண் தெளிவாகத் தெரிவதுபோல் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

நம் உதாரணத்தில் அந்தப் படத்தை மென்பொருளிடம் கொடுத்தபோது காலாண்டு அட்டவணை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாகக் காலாண்டு, முதலாளி தாக்கல் செய்த அறிக்கையின் ரசீது எண், கொடுத்த தொகை, பிடித்த வரி, அரசுக்குக் கட்டிய வரி.

```
Q1     QXABCDEF   600000.00  105800.00  105300.00
Q2     QXGHJKLM   400000.00   35100.00   35100.00
Total            1000000.00  140400.00  140400.00
```

பிடித்த வரிப் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். 1,05,800 + 35,100 = 1,40,900. ஆனால் கீழே மொத்தம் 1,40,400. வித்தியாசம் 500. நூறு இடத்தில் ஒரு 3, 8 ஆகிவிட்டால் வித்தியாசம் சரியாக 500 வரும். பக்கத்துப் பத்தியில் 1,05,300 என்றுதான் இருக்கிறது. ஆக முதல் காலாண்டில் பிடித்த வரி 1,05,300.

இன்னொரு சாட்சியும் அதே தாளில் இருக்கிறது. காலாண்டு அட்டவணைக்குக் கீழே, வங்கியில் வரி கட்டிய செலான்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் தொகை, வங்கிக் கிளையின் ஏழு இலக்கக் குறியீடு, கட்டிய தேதி, செலான் எண், பொருத்தம் பார்த்த நிலை ஆகியவை இருக்கும். ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். நம் உதாரணத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு செலான்கள், ஒவ்வொன்றும் 35,100. முதல் மூன்றின் கூட்டல் 1,05,300. நான்கும் சேர்ந்து 1,40,400. நிலைப் பத்தியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் பணம் அரசின் கணக்கோடு பொருந்திவிட்டது; யு என்றால் பொருந்தவில்லை. காலாண்டுக் கூட்டல், செலான் கூட்டல், அச்சிட்ட மொத்தம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பலாம். எழுத்து எவ்வளவு கூர்மையாகத் தெரிந்தது என்பது சாட்சியே அல்ல.

புள்ளி மறைவது இன்னொரு தவறு. இந்தப் படிவத்தில் தொகைகள் காற்புள்ளி இல்லாமல், கடைசியில் புள்ளியும் இரண்டு பூஜ்யங்களுமாக அச்சாகின்றன. அந்தப் புள்ளி அழிந்தால் 105300.00 என்பது ஒரு கோடியே ஐந்து லட்சத்து முப்பதாயிரமாகிவிடும். எல்லா வரிசையிலும் புள்ளி அழிந்திருந்தால் கூட்டல் அப்போதும் பொருந்தும் என்பதால் கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது. சம்பளம் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருப்பதே இதைக் காட்டிக்கொடுக்கும்.

முதலாளியின் டான் எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: நான்கு எழுத்து, ஐந்து இலக்கம், ஓர் எழுத்து. பான் எண் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. தனிநபருக்கு நான்காவது எழுத்து பி. பூஜ்யமா ஓவா என்ற சந்தேகத்தை இந்த ஒழுங்கே தீர்த்துவிடும்.

நம்பிக்கை: காலாண்டுத் தொகைகளைக் கூட்டினால் மொத்தச் சம்பளம் வந்துவிடும்.

பலர் செய்யும் தவறு இதுதான். படிவம் 16க்கு இரண்டு பகுதிகள். காலாண்டு அட்டவணையும் செலான் பட்டியலும் முதல் பகுதியில் இருக்கின்றன. மொத்தச் சம்பளம் இரண்டாம் பகுதியில், முதல் வரிசைக்குள் இருக்கிறது: சம்பளம், சலுகைகளின் மதிப்பு, சம்பளத்துக்குப் பதிலாகப் பெற்ற ஆதாயம் ஆகிய மூன்றையும் கூட்டி வரும் மொத்தம். அதை அடுத்தே வேறு முதலாளியிடம் பெற்ற சம்பளத்துக்கு ஒரு வரிசை இருக்கும். தாள் சாய்ந்து படமாகியிருந்தால், அந்த எண் மேலே உள்ள மொத்தத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

நம் உதாரணத்தில் இரண்டாம் பகுதியின் மொத்தச் சம்பளம் 10,87,500. ஐந்து மாதச் சம்பளம் 10,00,000. விடுப்புத் தொகை 87,500. ஆனால் காலாண்டுகளின் கூட்டல் 10,00,000 மட்டுமே. வேலையை விடும்போது கிடைக்கும் விடுப்புத் தொகைக்கு, சட்டம் வகுத்த வரம்புக்குள், வரிவிலக்கு உண்டு. இந்த நிறுவனம் விலக்குப் பெற்ற தொகையைக் காலாண்டு அறிக்கையில் சேர்க்கவில்லை. வேறொரு நிறுவனம் சேர்த்திருக்கலாம். அதனால் இந்த இரண்டு எண்களும் வேறுபட்டால் பதற வேண்டாம். வித்தியாசம் இரண்டாம் பகுதியின் விலக்கு வரிசையில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே இருக்கிறது, 87,500. விளக்கம் கிடைக்காத வித்தியாசம் மட்டுமே கவலைக்குரியது. அதை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்டே ஆக வேண்டும்.

நம்பிக்கை: இரண்டாம் பகுதியின் கடைசியில் வரும் வரித் தொகைதான் பிடித்த வரி.

இந்த ஒரு குழப்பம் பணத்தை இழக்க வைக்கும். இரண்டாம் பகுதியின் அடியில் வருவது, முதலாளி கணக்குப் போட்டுச் சொல்லும், செலுத்த வேண்டிய வரி. உண்மையில் பிடித்த வரி முதல் பகுதியில்தான் இருக்கிறது.

உதாரணத்தையே தொடர்வோம். 10,87,500இல் விலக்கு 87,500 போனால் 10,00,000. நிலைக்கழிவு 75,000 போனால் 9,25,000. 2024-25 நிதியாண்டின் புதிய முறையில் முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதமாக 20,000. மீதி 2,25,000க்கு 10 சதவீதமாக 22,500. மொத்தம் 42,500. அதன்மேல் 4 சதவீத மேல்வரி 1,700. ஆக 44,200. இரண்டாம் பகுதியின் அடியில் இருப்பது இந்த எண்தான்.

ஆனால் ஏப்ரலிலிருந்து நிறுவனம் பிடித்தது, இவர் ஆண்டு முழுவதும் 24 லட்சம் வாங்குவார் என்ற எதிர்பார்ப்பில். ஆகஸ்டில் கணக்கைத் திரும்பப் பார்த்துப் பிடிப்பதை நிறுத்திக்கொண்டது. பிடித்தது 1,40,400, வர வேண்டிய வரி 44,200. மீதி 96,200 ரூபாய் இவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். படத்திலிருந்து 44,200ஐ "பிடித்த வரி" என்று குறித்துக்கொண்டவருக்குத் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை என்று கணக்குக் காட்டும். நடு ஆண்டில் நாடு மாறியவர்களுக்கு இப்படி மிகுதியாகப் பிடித்திருப்பது வழக்கமாக நடப்பதுதான். அதனால் இவர்கள்தான் இந்த இரண்டு எண்களையும் கண்டிப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: நான்கு காலாண்டும் இல்லையென்றால் தாள் முழுமையில்லை.

ஐஆர்8ஏ ஜனவரி முதல் டிசம்பர் வரை. இங்கே பழகியவர் முதல் காலாண்டு என்றால் ஜனவரி என்று எடுத்துக்கொள்வது இயல்பு. படிவம் 16இல் முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, நான்காவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகஸ்டில் விட்டவருக்கு மூன்றும் நான்கும் இல்லாமலோ காலியாகவோ இருப்பதுதான் சரி. முதல் பகுதியின் மேலே, முதலாளியிடம் வேலை செய்த காலம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அச்சிட்டிருக்கும். அதோடு காலாண்டு வரிசைகளை ஒப்பிடுங்கள். ஆகஸ்ட் 31 வரை வேலை என்று தாள் சொல்லி இரண்டாம் காலாண்டு இல்லையென்றால் மட்டுமே கேள்வி எழுப்ப வேண்டும். அப்போதும் முதலில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வரி அறிக்கையில் காலாண்டுவாரியாகச் சம்பள வரியை நிரப்பும் இடமே இல்லை. முதலாளியின் டான், சம்பள வருமானம், பிடித்த மொத்த வரி ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் காலாண்டு எண்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் 26ஏஎஸ் அறிக்கையோடு ஒப்பிட அவை தேவை. அங்கே பிடித்த வரி தேதிவாரியாக இருக்கும். ஏதாவது ஒரு மாதம் விடுபட்டிருந்தால் எந்தக் காலாண்டு என்று சொல்லிக் கேட்கலாம். நிறுவனமும் அந்த ஒரு காலாண்டின் அறிக்கையைத்தான் திருத்தும்.

படம்தான் கிடைக்கும் என்றால், ஊரில் இருப்பவரிடம் தாளைச் சமமான இடத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், முதல் பகுதியின் அட்டவணைகளையும் இரண்டாம் பகுதியின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. 

ஆனால் அந்தத் தாளே ஒரு பிடிஎஃப் கோப்பிலிருந்து அச்சானதுதான். வருமான வரித் துறையின் ட்ரேசஸ் தளத்திலிருந்து நிறுவனம் இறக்கிக்கொள்வது அந்தக் கோப்பைத்தான். அதிலுள்ள எண்களை அப்படியே நகலெடுக்கலாம். 3 எட்டாக மாற வழியே இல்லை. படத்தோடு மல்லுக்கட்டும் முன், பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி எழுதி, படிவம் 16இன் இரண்டு பகுதிகளையும் பிடிஎஃப் கோப்பாகக் கேளுங்கள்.